கால் முடிந்தும் இயர்பட்ஸில் பாட்டு தொடரவில்லையா? எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

இயர்பட்ஸ் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்கிறீர்கள். கால் வருகிறது, பாட்டு தானாக நிற்கிறது, பேசி முடிக்கிறீர்கள், அப்புறம் காதில் சத்தமே இல்லை. போனை எடுத்து மறுபடி பிளே அழுத்த வேண்டியிருக்கிறது. சில நாள் தானாகத் தொடர்கிறது, சில நாள் இல்லை. இப்படி ஆனால் பழி முதலில் இயர்பட்ஸ் மேல்தான் விழும், ஆனால் பெரும்பாலான நேரம் தப்பு அதனுடையது கிடையாது. கால் முடிந்ததும் பாட்டைத் திரும்ப ஓடவிடும் வேலை போனில் இருக்கும் மியூசிக் ஆப்புடையது. இயர்பட்ஸ் வந்த சத்தத்தைக் காதில் போடும், அவ்வளவுதான்.

செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கால் மணி அடிக்கும்போது போனின் சிஸ்டம் மியூசிக் ஆப்பிடம் ஒதுங்கச் சொல்கிறது. ஆண்ட்ராய்டில் இந்த ஒதுங்கலில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. "கொஞ்ச நேரத்துக்கு ஒதுங்கு" என்று சொன்னால் ஆப் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும், கால் முடிந்த தகவல் வந்ததும் தொடரும். "மொத்தமாக ஒதுங்கு" என்று சொன்னால் ஆப் பாட்டை நிறுத்திவிட்டு, நீங்கள் பிளே அழுத்தும் வரை சும்மா இருக்கும். ஐபோனிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்: குறுக்கீடு முடிந்ததும் சிஸ்டம் ஆப்புக்குத் தகவல் சொல்கிறது, கூடவே "இப்போது தொடரலாம்" என்ற குறிப்பையும் தரும், அதைக் கேட்டு நடப்பதும் நடக்காததும் ஆப்பை எழுதியவர் கையில் இருக்கிறது. அதனால்தான் ஒரே போன், ஒரே இயர்பட்ஸில் ஒரு ஆப் தொடர்கிறது, இன்னொன்று தொடர்வதில்லை.

இது ஆப் பக்கம். புளூடூத் பக்கம் தனியாக ஒன்று நடக்கிறது. பாட்டுக்கும் காலுக்கும் புளூடூத்தில் வேறு வேறு பாதைகள். பாட்டுப் பாதை ஒருவழி, ஸ்டீரியோ, தரம் அதிகம். கால் பாதை இருவழி, மைக்கும் சேர்ந்தது, தரம் குறைவு. பாட்டு வழக்கமாக நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் போகும்போது கால் சத்தம் பல இயர்பட்ஸில் இன்னும் 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகத்தான் போகிறது. கால் வந்ததும் பாட்டுப் பாதை நின்று கால் பாதை திறக்கும், முடிந்ததும் மறுபடி மாறும். இந்த மாற்றத்துக்கு ஒன்றிரண்டு நொடி ஆவது சகஜம், அதற்குள் பொறுமையிழந்து எதையாவது தட்டினால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு அதுதான் பிரச்சினையே.

முதல் வேலை: எதையும் தொடாமல் திரையைப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் இன்னொரு போனிலிருந்து உங்களுக்கே ஒரு கால் போடுங்கள். பாட்டு ஓடும்போது எடுத்து அரை நிமிடம் பேசுங்கள், பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கட் செய்யாதீர்கள், இயர்பட்ஸையும் தொடாதீர்கள். ஐந்து நொடி காத்திருந்து, நோட்டிஃபிகேஷன் பகுதியில் இருக்கும் பிளேயரைப் பாருங்கள். பாட்டு தொடரவில்லை என்றால் மூன்றில் ஒன்று தெரியும்: பிளேயர் இருக்கிறது, ஆனால் நின்றிருக்கிறது. அல்லது பிளேயர் ஓடிக்கொண்டிருக்கிறது, காதில்தான் சத்தம் இல்லை. அல்லது பிளேயரே அங்கே இல்லை.

இங்கே புதியவர்கள் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். திரையில் முக்கோணம் தெரிந்தால் பாட்டு நின்றிருக்கிறது என்று அர்த்தம், இரண்டு கோடு தெரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தம், ஏனென்றால் பட்டன் காட்டுவது நீங்கள் அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை. குழப்பமாக இருந்தால் பட்டனை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். நொடி நகர்ந்தால் ஓடுகிறது.

அடுத்து, புளூடூத்தை அணைத்துவிட்டு அதே சோதனையை போன் ஸ்பீக்கரில் செய்யுங்கள். ஸ்பீக்கரிலும் பாட்டு தொடரவில்லை என்றால் இயர்பட்ஸை மறந்துவிடலாம், வேலை முழுக்க ஆப்பிலும் போன் செட்டிங்ஸிலும்தான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல்தான் பலர் நல்ல இயர்பட்ஸை மாற்றிவிட்டு, புதியதிலும் அதே தொல்லையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிளேயர் இருக்கிறது, ஆனால் நின்றிருக்கிறது

இதுதான் அதிகம் நடப்பது. முதல் சந்தேகம் உங்கள் விரல் மேல்.

பல இயர்பட்ஸில் கால் நேரத்தில் தட்டினால் கால் கட் ஆகும், பாட்டு நேரத்தில் அதே தட்டல் பிளேயை நிறுத்தும் அல்லது ஓடவிடும். இப்போது இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: "சரி, அப்புறம் பேசறேன்" என்று நீங்கள் சொல்லி முடிக்கும்போதே எதிர்முனையில் இருப்பவர் கட் செய்துவிட்டார். அது தெரியாமல் நீங்களும் கட் செய்ய இயர்பட்ஸைத் தட்டுகிறீர்கள். கால் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அந்தத் தட்டல் இப்போது பாட்டுக்கான கட்டளை. பாட்டு அப்போதுதான் தொடரத் தொடங்கியிருந்தால், உங்கள் தட்டல் அதை நிறுத்திவிடும். உங்களுக்குத் தெரிவதோ "கால் முடிந்தும் பாட்டு வரவில்லை" என்பது மட்டும். இரண்டு தட்டலில் கால் கட் ஆகும்படி வைத்திருப்பவர்களுக்கு இதே சமயத்தில் பாட்டு அடுத்ததற்குத் தாவிவிடும், அதுவே நல்ல அடையாளம். தொடர்வது சில நாள் நடக்கிறது, சில நாள் நடக்கவில்லை, யார் முதலில் கட் செய்தார் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இதற்கு வழி எளிது. இயர்பட்ஸ் கம்பெனியின் ஆப்பில் தட்டல்களுக்கான பகுதி இருக்கும், அங்கே காலை முடிப்பதை நீண்ட அழுத்தலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் எதிர்முனை கட் செய்யும் வரை ஒரு கணம் விடுங்கள், கால் முடிந்தால் ஒரு சின்ன ஒலி வரும், அது கேட்ட பின் தட்டாதீர்கள்.

இரண்டாவது சந்தேகம் காதில் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார். ஐபோனில் ஏர்பாட்ஸ் செட்டிங்ஸில் `Automatic Ear Detection` என்று இருக்கும், மற்ற இயர்பட்ஸில் பெரும்பாலும் கம்பெனி ஆப்பில் இதே மாதிரி ஒரு பெயரில் இருக்கும். பட்ஸைக் கழற்றினால் இது பாட்டை நிறுத்தும், மாட்டினால் தொடரும். கால் நடுவில் ஒரு பட்ஸைக் கழற்றிப் பேசும் பழக்கம் உள்ளவர்களுக்கு, கால் முடியும் நேரத்தில் "தொடரலாம்" என்று போன் சொல்வதும் "காதில் இல்லை, நிறுத்து" என்று பட்ஸ் சொல்வதும் மோதிக்கொள்ளும். சென்சார் மேல் முடியோ தொப்பியோ பட்டாலும், அழுக்குப் படிந்தாலும் இதே குழப்பம். இந்த வசதியை அணைத்துவிட்டு அதே சோதனைக் காலைப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிட்டால் சென்சாரைக் காய்ந்த மென்மையான துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

இதையொட்டி இன்னொன்று. கால் நடுவில் இயர்பட்ஸைப் பெட்டியில் வைத்துவிட்டு போனைக் காதில் வைத்துப் பேசினால், கால் முடிந்ததும் பல ஆப்கள் தொடராது. இது பழுதல்ல. இயர்பட்ஸ் இணைப்பு அறுந்ததும் சிஸ்டம் ஆப்புகளுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பும், "இனி சத்தம் ஸ்பீக்கரில் வரும், ஜாக்கிரதை" என்று. நல்ல ஆப் அதைக் கேட்டு நின்றே இருக்கும், பத்து பேர் நடுவில் உங்கள் பாட்டு சத்தமாக ஒலிக்கக் கூடாது என்பதற்காக. இதை மாற்ற முயற்சி செய்யாதீர்கள்.

மூன்றாவது சந்தேகம் கால் எப்படிப்பட்டது என்பதில். சாதாரண போன் கால் முடிந்தால் பாட்டு தொடர்கிறது, ஆனால் மெசேஜ் ஆப் வழியாக வரும் இன்டர்நெட் கால் முடிந்தால் தொடர்வதில்லை என்றால், தப்பு அந்தக் கால் ஆப்பில் இருக்கலாம். இன்டர்நெட் கால் ஆப் மியூசிக் ஆப்பை "மொத்தமாக ஒதுங்கு" என்று ஒதுக்கியிருந்தாலும், கால் முடிந்த பின் சத்தத்தைத் திருப்பித் தராமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் மியூசிக் ஆப்புக்குத் தொடரச் சொல்லி யாரும் சொல்லப்போவதில்லை. உங்களால் செய்ய முடிந்தது அந்தக் கால் ஆப்பை அப்டேட் செய்வது, கால் முடிந்ததும் அதை முழுதாக மூடிப் பார்ப்பது. இதற்கென்று போனில் தனி செட்டிங் எதுவும் இல்லை.

கடைசியாக மியூசிக் ஆப்பின் சொந்த செட்டிங்ஸ். சில பிளேயர்களில், முக்கியமாக போனில் சேமித்த பாட்டுகளை ஓட்டும் பிளேயர்களில், கால் முடிந்ததும் தொடர வேண்டுமா என்று கேட்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். ஆண்ட்ராய்டில் விஎல்சியின் ஆடியோ செட்டிங்ஸில் `Resume playback after a call` என்று இருக்கிறது. அது அணைந்திருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் நீங்கள் செய்தும் பயனில்லை. ஆன்லைன் பாட்டு ஆப்கள் பலவற்றில் இப்படி ஒரு சுவிட்சே கிடையாது, அவர்கள் எழுதியபடிதான் நடக்கும்.

பிளேயரே காணவில்லை

நோட்டிஃபிகேஷனிலிருந்து பிளேயர் மறைந்துவிட்டது, மியூசிக் ஆப்பைத் திறந்தால் முதலிலிருந்து லோட் ஆகிறது என்றால், கால் நடக்கும்போது சிஸ்டம் அந்த ஆப்பை மூடிவிட்டது. இது ஆண்ட்ராய்டில் அதிகம். பாட்டு ஓடும்வரை ஆப்புக்கு ஒரு பாதுகாப்பு உண்டு, சிஸ்டம் அதை எளிதில் மூடாது. பாட்டு நின்றதும் பல ஆப்கள் அந்தப் பாதுகாப்பை விட்டுவிடும். அப்புறம் கால் நீண்டுகொண்டே போக, பேட்டரியை மிச்சப்படுத்தும் செட்டிங் "இது சும்மாதானே கிடக்கிறது" என்று ஆப்பை மூடிவிடும். கால் முடிந்த தகவலைக் கேட்க அங்கே ஆளே இல்லை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: சின்ன காலுக்குப் பிறகு பாட்டு தொடரும், நீண்ட காலுக்குப் பிறகு தொடராது.

மாற்ற வேண்டிய இடம் `Settings > Apps`, அங்கே உங்கள் மியூசிக் ஆப்பைத் தட்டி, பேட்டரி பகுதிக்குள் போய் `Unrestricted` என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய ஆண்ட்ராய்டில் இது `Allow background usage` என்பதற்குள்ளே ஒளிந்திருக்கும், அந்தச் சுவிட்சை ஆன் செய்தால் மட்டும் போதாது, அந்த வரியைத் தட்டி உள்ளே போக வேண்டும். சாம்சங் போன் என்றால் செட்டிங்ஸ் தேடலில் `Background usage limits` என்று அடித்து, `Sleeping apps`, `Deep sleeping apps` என்ற இரண்டு பட்டியலிலும் உங்கள் மியூசிக் ஆப் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நீக்குங்கள். ஷாவ்மி போன்களில் ஆப்பின் விவரப் பக்கத்தில் `Battery saver` என்பதை `No restrictions` ஆக்கி, `Autostart` சுவிட்சையும் ஆன் செய்யுங்கள். எல்லா ஆப்புக்கும் இதைச் செய்துவைக்காதீர்கள், பேட்டரி வடிந்துவிடும். மியூசிக் ஆப் ஒன்றுக்கு மட்டும் போதும், முடிந்தால் இயர்பட்ஸ் கம்பெனி ஆப்புக்கும்.

சிலருக்கு ஆப்பை மூடுவது சிஸ்டம் அல்ல, அவர்களேதான். போரடிக்கும் காலில் பேசிக்கொண்டே விரல் தானாக சமீபத்திய ஆப்களைத் திறந்து எல்லாவற்றையும் தள்ளிவிடும் பழக்கம் இருந்தால், அதோடு பாட்டும் போய்விடும்.

நொடி நகர்கிறது, காதில் சத்தம் இல்லை

ஆப் தன் வேலையைச் செய்துவிட்டது, சத்தம் வேறெங்கோ போகிறது. நோட்டிஃபிகேஷன் பிளேயரின் மூலையில் எந்தக் கருவியில் ஓடுகிறது என்று சின்னதாகக் காட்டும், அதைத் தட்டினால் பட்டியல் வரும். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் பாட்டுக் கட்டத்தில் இருக்கும் குறியைத் தட்டுங்கள். அங்கே போன் ஸ்பீக்கர் தேர்வாகியிருந்தால், கால் நடுவில் நீங்கள் ஸ்பீக்கருக்கோ போனுக்கோ மாற்றியதன் மிச்சம் அது. இயர்பட்ஸைத் தட்டிவிட்டால் சத்தம் வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் இப்படியே ஆனால், ஆண்ட்ராய்டின் புளூடூத் பக்கத்தில் இயர்பட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல் சக்கரத்தைத் தட்டுங்கள். அங்கே `Phone calls`, `Media audio` என்று இரண்டு சுவிட்ச் இருக்கும், மேலே சொன்ன இரண்டு பாதைகள்தான் இவை. இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். `Media audio` அணைந்திருந்தால் கால் மட்டும் காதில் வரும், பாட்டு வராது.

இந்த அறிகுறிக்கு இன்னொரு பெரிய காரணம் இயர்பட்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைந்திருப்பது. லேப்டாப்பில் பாட்டு, போனில் கால் என்றால், பாட்டு ஓட்டும் லேப்டாப்புக்குக் கால் வந்ததே தெரியாது. காலுக்காக பாட்டை நிறுத்துவதும், முடிந்ததும் தொடரச் சொல்வதும் இயர்பட்ஸின் வேலையாகிவிடுகிறது, மேலே ஆரம்பத்தில் இயர்பட்ஸுக்குத் தப்பில்லை என்று சொன்னதற்கு இது விதிவிலக்கு. சில இயர்பட்ஸ் லேப்டாப்பை நிறுத்தும், தொடரச் சொல்லாது. சில நிறுத்தக்கூட செய்யாது, நீங்கள் பேசும் நேரம் முழுக்க பாட்டு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், கால் முடிந்து பார்த்தால் நாலு பாட்டு தாண்டியிருக்கும். கம்பெனி ஆப்பில் இரட்டை இணைப்பை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால், இரண்டில் எது உங்களுக்கு முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

லேப்டாப்பிலேயே மீட்டிங் முடித்த பிறகு பாட்டு வருகிறது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது என்றால், கால் பாதை இன்னும் மூடப்படவில்லை, பாட்டும் அதன் வழியாகவே வருகிறது. மீட்டிங் ஆப்பின் ஜன்னலை மட்டும் மூடாமல் அதிலிருந்து முழுதாக வெளியேறினால் பெரும்பாலும் சரியாகும். விண்டோஸில் பழைய சவுண்ட் செட்டிங்ஸின் `Communications` பக்கத்தில் கால் நேரத்தில் மற்ற சத்தத்தைக் குறைப்பதற்கான தேர்வு இருக்கிறது, பாட்டு ரொம்பச் சன்னமாகக் கேட்டால் அங்கே `Do nothing` வைத்துப் பார்க்கலாம்.

ஒரு உதாரணம்

நண்பர் ஒருவருக்கு இரண்டு காரணம் ஒன்றாகச் சேர்ந்து படுத்தியது. ஆண்ட்ராய்டு போன், ஆன்லைன் பாட்டு ஆப், தட்டினால் வேலை செய்யும் இயர்பட்ஸ். ஸ்பீக்கரில் சோதித்தோம்: அரை நிமிடக் காலுக்குப் பிறகு தொடர்ந்தது, இருபது நிமிடக் காலுக்குப் பிறகு பிளேயரே இல்லை. ஆக பேட்டரி. ஆப்பை `Unrestricted` ஆக்கியதும் நீண்ட கால்களும் சரியாகின. ஆனால் இயர்பட்ஸ் மாட்டினால் இன்னும் சில நேரம் நின்றே இருந்தது, அதுவும் அவர் அம்மாவிடம் பேசினால் மட்டும். அலுவலகக் கால்களில் இல்லை. இது பேய் வேலை என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். கவனித்துப் பார்த்தால், அம்மா பேச்சை முடித்ததும் பட்டென்று வைத்துவிடுவார், அதற்குப் பிறகு இவர் தட்டுவார். அலுவலகத்தில் எல்லாரும் "ஓகே, பை, பை" என்று இழுப்பதற்குள் இவரே முதலில் தட்டிவிடுவார். கால் முடிப்பதை நீண்ட அழுத்தலுக்கு மாற்றியதோடு அதுவும் நின்றது.

பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடி நின்றதும் "இதுவும் சரிப்படவில்லை" என்று பழையபடி வைத்திருந்தால் இரண்டுமே தீர்ந்திருக்காது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு செட்டிங் மட்டும் மாற்றி, சின்ன கால், நீண்ட கால் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால்

இயர்பட்ஸின் உள் மென்பொருளை கம்பெனி ஆப் வழியாக அப்டேட் செய்யுங்கள். பிறகு போனின் புளூடூத் பட்டியலில் `Forget` கொடுத்து, இயர்பட்ஸையும் அதன் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்து, புதிதாக இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய இணைப்பின் தகவல் மறு பக்கத்தில் அப்படியே இருக்கும், இரண்டு பக்கமும் வேண்டும்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் போய் `Bluetooth AVRCP Version` என்பதை மாற்றச் சொல்லி யாராவது சொல்வார்கள். பிளே, பாஸ் கட்டளைகளும் பாட்டின் பெயரும் போகும் முறை அது. பட்ஸைத் தட்டினால் பிளே, பாஸ் எப்போதுமே வேலை செய்யவில்லை என்றால் தொட்டுப் பார்க்கலாம், தட்டல் ஒழுங்காக வேலை செய்யும்போது அதை மாற்றுவதில் அர்த்தமில்லை.

இதற்குப் பிறகும் ஒரு ஆப் மட்டும் தொடரவில்லை, வேறொரு பிளேயர் அதே போனில் ஒழுங்காகத் தொடர்கிறது என்றால் உங்கள் பக்கம் செய்ய இனி ஒன்றும் இல்லை. அந்த ஆப்பின் உதவிப் பகுதிக்கு எழுதுங்கள். எழுதும்போது "பாட்டு வரவில்லை" என்று மட்டும் எழுதாமல், என்ன போன், ஆண்ட்ராய்டா ஐஓஎஸ்ஸா, எந்த வெர்ஷன், ஸ்பீக்கரிலும் இப்படித்தானா, சாதாரண காலா இன்டர்நெட் காலா, கால் முடிந்ததும் பிளேயர் நின்றிருந்ததா மறைந்திருந்ததா என்று எழுதுங்கள்.